டயரின் இரண்டு அறிக்கைகள்

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு வரலாறு கற்பிக்கிறேன். இங்கே ஓ லெவல் வரலாற்றுத் தாளில் சான்று சார்ந்த வினாக்கள் கட்டாயப் பகுதி. கடிதம், கேலிச்சித்திரம், மேடைப்பேச்சு, வரலாற்றாசிரியர் ஒருவரின் பத்தி என்று சில சான்றுகளைத் தாளிலேயே அச்சிட்டுக் கொடுத்துவிடுவார்கள். இந்தச் சான்றை நம்பலாமா, இதை எழுதியவர் எதற்காக எழுதினார், இந்த இரண்டு சான்றுகள் எங்கே ஒத்துப்போகின்றன என்று கேள்விகள் வரும். பாடப்புத்தகத்தை மனப்பாடம் செய்து வந்தவருக்கு இந்தப் பகுதியில் கை ஓடாது.

பயிற்சியின் தொடக்கத்தில் பெரும்பாலான மாணவர்களிடம் இரண்டே விடைகள் இருக்கும். "இவர் சம்பவ இடத்தில் இருந்தார், இது முதல்நிலைச் சான்று, ஆகவே நம்பலாம்" என்பது ஒன்று. "இவர் ஆங்கிலேயர், சார்புடையவர், ஆகவே நம்ப முடியாது" என்பது மற்றொன்று. இரண்டுமே சான்றைப் படிக்காமல் எழுதக்கூடிய விடைகள். அதனால்தான் அவற்றுக்கு மதிப்பெண் கிடைப்பதில்லை. இந்தப் பழக்கத்தை உடைக்க நான் கையில் எடுப்பது ஜாலியன்வாலா பாக் சான்றுகளை. சுட்டவரின் சொல், சுடப்பட்டவர்களின் சொல், அரசின் விசாரணை, காங்கிரசின் விசாரணை, ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து எழுதிய வரலாற்றாசிரியர்கள் என்று எல்லா வகைச் சான்றும் அந்த ஒரு மாலைப்பொழுதைச் சுற்றி இருக்கின்றன.

நடந்ததில் யாரும் மறுக்காத பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1919 ஏப்ரல் 10 அன்று அமிர்தசரஸில் இரண்டு தலைவர்கள் கைது செய்யப்பட்டார்கள். எதிர்த்துத் திரண்ட கூட்டத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அதன்பின் எழுந்த கலவரத்தில் ஐந்து ஐரோப்பியர்கள் கொல்லப்பட்டார்கள். மறுநாள் இரவு பிரிகேடியர் ஜெனரல் ரெஜினால்ட் டயர் நகருக்கு வந்து சேர்ந்தார். 13ஆம் தேதி, வைசாகித் திருநாள். அன்று காலை, கூட்டம் கூடக்கூடாது என்றும், இரவு 8 மணிக்கு மேல் வெளியே வருபவர் சுடப்படலாம் என்றும் நகரின் சில இடங்களில் பறையறிவித்தார்கள். மாலையில் ஜாலியன்வாலா பாக்கில் மக்கள் கூடியிருந்தார்கள். டயர் துப்பாக்கி ஏந்திய 50 சிப்பாய்களுடன் உள்ளே போய், எச்சரிக்கை ஏதும் தராமல் சுடச் சொன்னார். ஏறத்தாழப் பத்து நிமிடம் சுட்டார்கள். செலவான தோட்டாக்கள் 1,650.

டயரே எழுதிய இரண்டு அறிக்கைகளை மாணவர்களிடம் அருகருகே வைத்துக் கொடுப்பேன். முதலாவது ஏப்ரல் 14 தேதியிட்டது, சுட்ட மறுநாள். லாகூரில் இருந்த மேலதிகாரிக்கு எழுதிய சுருக்கமான அறிக்கை. குறுகலான சந்து வழியாக உள்ளே போனேன், கவச வண்டிகளை வெளியே விட வேண்டியிருந்தது, சுமார் 5,000 பேர் இருந்தார்கள், ஒருவர் மேடையில் பேசிக்கொண்டிருந்தார், என் படை சிறியது, தயங்கினால் எங்களைத் தாக்கக்கூடும் என்று உணர்ந்தேன், உடனே சுட்டுக் கூட்டத்தைக் கலைத்தேன் என்பது அதன் சாரம். இறந்தவர்கள் 200 முதல் 300 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்.

இரண்டாவது ஆகஸ்ட் 25 தேதியிட்டது. இது விரிவானது, தொனியும் வேறு. இங்கே தாக்கப்படுவோம் என்ற பயம் பின்னுக்குப் போய்விடுகிறது. கூட்டத்தைக் கலைப்பது மட்டும் தன் வேலையாக இருக்கவில்லை, அங்கிருந்தவர்கள் மனத்திலும் பஞ்சாப் முழுவதிலும் ஒரு விளைவை உண்டாக்கும் கடமை தனக்கு இருந்தது, அதற்குத் தேவையான குறைந்த அளவுதான் சுட்டேன், படை இன்னும் பெரிதாக இருந்திருந்தால் சேதமும் அதற்கேற்பக் கூடியிருக்கும் என்று எழுதுகிறார்.

ஒரே மனிதர், ஒரே சம்பவம், இரண்டும் முதல்நிலைச் சான்று. நாட்டினம், பதவி, சார்பு எதுவும் மாறவில்லை. ஆனால் சுட்ட காரணம் மாறிவிட்டது. "ஆங்கிலேயர், ஆகவே சார்புடையவர்" என்ற விடை இந்த இடத்தில் நின்றுபோகிறது. எழுதியவர் யார் என்ற கேள்வி இந்த மாற்றத்தை விளக்காது. எப்போது, யாருக்கு, எதற்காக என்ற மூன்றும்தான் விளக்கும்.

ஏப்ரல் 14 அன்று நகரில் என்ன நிலைமை என்று டயருக்கே முழுதாகத் தெரியாது. மேலதிகாரி ஏற்பாரா என்பதும் தெரியாது. அந்த நிலையில் ஒரு படை அதிகாரி, ஆபத்தில் இருந்தேன், உடனே முடிவெடுத்தேன் என்றுதான் எழுதுவார். ஆகஸ்டுக்குள் நிறைய நடந்துவிட்டது. மேலதிகாரி அவர் செயல் சரி என்றார், பஞ்சாபின் துணைநிலை ஆளுநர் மைக்கேல் ஓ'ட்வையரும் ஒப்புதல் தந்தார். ஆப்கானியப் போரில் தல் கோட்டையை மீட்டதற்காகப் பாராட்டும் டயருக்குக் கிடைத்திருந்தது. இன்னொரு பக்கம் விசாரணை வேண்டும் என்ற குரல் வலுத்துக்கொண்டிருந்தது. வெறும் பயத்தால் சுட்டேன் என்று சொன்னால், கூட்டம் ஓடத் தொடங்கிய பிறகும் ஏன் நிறுத்தவில்லை என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. கடமையாகச் செய்தேன் என்று சொன்னால் பத்து நிமிடத்துக்கும் பதில் கிடைத்துவிடுகிறது. படிக்கப் போகிறவர்களும் ஏற்கெனவே அவர் பக்கம் இருந்தவர்கள். அதனால் ஆகஸ்ட் அறிக்கையில் பெருமிதத்தை மறைக்க அவருக்குத் தேவையிருக்கவில்லை.

நவம்பர் 19 அன்று லாகூரில் ஹண்டர் பிரபு தலைமையிலான விசாரணைக் குழுவின் முன்னும் அதே தொனியில்தான் பேசினார். சுடாமலே கலைத்திருக்க முடியும், ஆனால் அவர்கள் திரும்பி வந்து சிரித்திருப்பார்கள் என்றார். சந்து அகலமாக இருந்திருந்தால் கவச வண்டிகளையும் உள்ளே கொண்டுபோயிருப்பேன் என்றார். படைத் தலைமையகத்தில் வலிமையாக ஒலித்த சொற்கள் வெளியுலகத்தின் காதில் வேறாக விழுந்தன. கேட்பவர் மாறியதை அவர் கணக்கில் எடுக்கவில்லை என்பதை மாணவர்கள் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள்.

இனி, எது நம்பத்தக்கது? இந்தக் கேள்வியை அப்படியே விட்டால் விடை வராது. எதைப் பற்றி என்று சேர்த்துக் கேட்க வேண்டும். எச்சரிக்கை தராமல் உடனே சுட்டதைப் பற்றி என்றால், முதல் அறிக்கையையும் விசாரணையில் சொன்னதையும் சேர்த்து நம்பலாம், ஏனென்றால் நோக்கங்கள் வேறாக இருந்தும் இந்த விஷயம் மாறவில்லை. பிற்காலத்தில் அவரைக் குற்றம் சாட்டியவர்கள் பிடித்துக்கொண்டதும் இதைத்தான், தனக்குப் பாதகமான இந்தச் செய்தியை அவரே சொல்லியிருக்கிறார். சுட்ட காரணத்தைப் பற்றி என்றால், எந்த அறிக்கையையும் தனியாக நம்ப முடியாது. காரணம் கேட்கப்பட்ட ஒவ்வொரு முறையும் அந்தச் சமயத்துக்குப் பொருந்தும் காரணத்தை அவர் தந்திருக்கிறார்.

அடுத்து எண்ணிக்கைக்கு வருவோம். ஒரு சான்றில் எண் இருந்தால் மாணவர்கள் அதை உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள். நான் கேட்கச் சொல்வது, இந்த எண் எப்படிப் பிறந்தது என்பதை.

1,650 தோட்டா என்பது எண்ணிச் சொல்லக்கூடியது. படையில் தோட்டாவுக்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். அதைக் கூட்டிச் சொல்வதாலோ குறைத்துச் சொல்வதாலோ டயருக்கு ஆதாயம் இல்லை. அதே அறிக்கையில் உள்ள 5,000 பேர் என்பது கண்மதிப்பு. விசாரணைக் குழு அதைப்போல இரண்டு முதல் நான்கு மடங்காக, 10,000க்கும் 20,000க்கும் இடையில் என்று எடுத்துக்கொண்டது. ஒரே அறிக்கையின் அடுத்தடுத்த வரிகளில் ஓர் எண் உறுதியாகவும் இன்னொன்று தளர்வாகவும் இருக்கிறது. அறிக்கை முழுவதற்கும் சேர்த்து ஒரே நம்பகத்தன்மையைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

இறந்தவர்கள் 379 பேர் என்பது அரசுக் கணக்கு. இன்றும் பல புத்தகங்களில் இருப்பது இந்த எண்தான். அரசு விசாரணை, ஆகவே குறைத்துச் சொல்லியிருப்பார்கள் என்று மாணவர்கள் உடனே எழுதுவார்கள். முடிவு சரியாக இருக்கலாம், ஆனால் காரணம் போதாது. அந்த எண் சேவா சமிதி என்ற தொண்டமைப்பு வீடு வீடாகத் திரட்டிய பெயர்களை அடிப்படையாகக் கொண்டது. அதாவது, பெயர் சொல்ல ஆள் இருந்தவர்களின் கணக்கு. துப்பாக்கிச் சூடு நடந்து மாதங்கள் கழித்து எடுத்தது. இடையில் நகரம் இராணுவச் சட்டத்தின் கீழ் இருந்தது. என் மகன் பாக்கில் செத்துப்போனான் என்று பதிவு செய்வது, தடை செய்த கூட்டத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து ஆள் போனது என்று ஒப்புக்கொள்வதும் ஆகும். வைசாகிக்காக வெளியூரிலிருந்து வந்தவர்களைத் தேடி எடுப்பது அதைவிடக் கடினம். ஆக, இந்தக் கணக்கில் பிழை இருந்தால் அது குறைவின் பக்கமாகத்தான் இருக்கும். 379 என்பது குறைந்தபட்ச எண் என்று சொல்ல இது வலுவான காரணம். இதைச் சொல்ல யாருடைய கெட்ட எண்ணத்தையும் ஊகிக்க வேண்டியதில்லை.

காங்கிரஸ் அமைத்த குழுவில் காந்தி, சி.ஆர். தாஸ், அப்பாஸ் தயாப்ஜி, எம்.ஆர். ஜெயகர் இருந்தார்கள். செயலாளர், லாகூரில் வழக்கறிஞராக இருந்த தமிழர் கே. சந்தானம். 1,700க்கும் மேற்பட்டவர்களின் வாக்குமூலங்களைப் பரிசீலித்து 650ஐ வெளியிட்டார்கள். இறந்தவர்கள் ஏறத்தாழ 1,000 என்ற மதிப்பீட்டை இந்தக் குழு ஏற்றது. இதுவும் பெயர் சொல்லி எண்ணியதல்ல, நேரில் பார்த்தவரின் மதிப்பீடு. ஆட்சியைக் குற்றம் சாட்டும் நோக்கம் இந்தக் குழுவுக்கு இருந்தது, அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. அதே குழு கேட்டதையெல்லாம் அச்சிடாமல் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை மட்டும் வெளியிட்டது. இந்த இரண்டையும் ஒரே விடையில் எழுதும் மாணவர் சார்பையும் நம்பகத்தன்மையையும் பிரித்துப் பார்க்கக் கற்றுவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அந்த 650 வாக்குமூலங்களில் ஒன்று ரத்தன் தேவியுடையது. அவர் வீடு பாக்குக்கு அருகில் இருந்தது. சுடும் சத்தம் கேட்டுக் கணவரைத் தேடிப் போனவர், பிணக்குவியலுக்கு நடுவே அவர் உடலைக் கண்டார். எடுத்துப்போகக் கட்டில் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார். ஊரடங்கு நேரம் வந்துவிட்டது, போனவர்கள் திரும்பவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டும், சுட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் உதவிக்கு ஆள் கிடைக்கவில்லை. இரவு முழுவதும் ஒரு மூங்கில் கழியை வைத்துக்கொண்டு நாய்களை விரட்டியபடி உடலருகே இருந்தார். காயம்பட்டுத் துடித்தவர்களை, தன்னைவிட்டுப் போகாதே என்று கெஞ்சிய சுமார் பன்னிரண்டு வயதுச் சிறுவனை, அடிபட்டுக் கிடந்த ஓர் எருமையைக்கூடச் சொல்கிறார்.

இதை நம்பலாமா என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். கணவரை இழந்தவர், உணர்ச்சிவசப்பட்டுச் சொல்கிறார், காங்கிரஸ் வெளியிட்டது என்பார்கள் சிலர். இப்படிப்பட்ட துயரத்தில் யாராவது பொய் சொல்வார்களா என்பார்கள் வேறு சிலர். இரண்டும் அவரை மதிப்பிடுகின்றன, அவர் சொன்னதைச் சோதிக்கவில்லை. சோதிக்க வேண்டும் என்றால் சோதிக்கக்கூடிய ஒரு கூற்றாக அதைப் பிரித்தெடுக்க வேண்டும். ஊரடங்கினால் அன்றிரவு காயம்பட்டவர்களுக்கு உதவி வர முடியவில்லை என்பது அப்படி ஒரு கூற்று.

இதற்கு எதிரான சான்று டயருடையது. காயம்பட்டவர்களைக் கவனிப்பது தன் வேலையல்ல, மருத்துவமனைகள் திறந்திருந்தன, போயிருக்கலாம் என்று அவர் விசாரணையில் சொன்னார். ஒருவர் வர முடியவில்லை என்கிறார், இன்னொருவர் போயிருக்கலாம் என்கிறார். இந்த இடத்தில் மாணவர்களை ஏப்ரல் 14 அறிக்கையின் கடைசி வரிகளுக்குத் திரும்பப் போகச் சொல்வேன். பெரும்பாலானவர்கள் முதல் வாசிப்பில் அவற்றைத் தாண்டிப் போயிருப்பார்கள். இரவு 10 மணிக்குப் படையுடன் நகரைச் சுற்றி வந்தேன், 8 மணிக்கு மேல் வெளியே வரக்கூடாது என்ற உத்தரவு மீறப்படவில்லை, நகரம் முழு அமைதியாக இருந்தது, ஓர் ஆள்கூடக் கண்ணில் படவில்லை என்று டயர் எழுதியிருக்கிறார்.

அந்த வரிகளை அவர் எழுதியது ஒழுங்கை நிலைநாட்டிவிட்டேன் என்று மேலதிகாரிக்குக் காட்ட. காயம்பட்டவர்களின் நிலை பற்றி அப்போது யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஆனால் சுட்ட சில மணி நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் காயத்துடன் கிடந்த ஊரில், தெருவில் ஓர் ஆள்கூட இல்லை என்றால், யாரும் மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருக்கவில்லை, யாரும் தூக்கிக்கொண்டும் போகவில்லை. ரத்தன் தேவி சொன்னதை டயரின் கையே உறுதிப்படுத்துகிறது. நவம்பரில் அவர் சொன்ன சமாதானத்தை ஏப்ரலில் அவரே எழுதிய வரி மறுக்கிறது. எழுதியவரின் நோக்கத்துக்குத் தொடர்பில்லாமல் சான்றில் விழுந்துவிட்ட செய்திதான் பல சமயம் மிக வலுவானது, ஏனென்றால் அதை வளைக்க அவருக்கு அப்போது காரணம் இருக்கவில்லை.

கூர்மையான மாணவர் ஒருவராவது இங்கே கை தூக்குவார். ரத்தன் தேவி இரவில் உதவி கேட்டு வெளியே நடந்ததாகச் சொல்கிறாரே, டயர் யாரையும் பார்க்கவில்லை என்கிறாரே, இவை முரண்படவில்லையா? நல்ல கேள்வி. அவர் நடந்தது பாக்கை ஒட்டிய குறுகிய பகுதியில். டயர் போனது தன் காவல் நிலைகளைப் பார்வையிட. பாக்குக்குள் போனதாக அந்த வரிகளில் இல்லை. யாரையும் பார்க்கவில்லை என்பது அவர் போன வழியைப் பற்றிய சான்று மட்டுமே. ஊர் முழுவதும் அசையவில்லை என்று அதிலிருந்து எழுதினால் அது சான்று தாங்காத சுமை. ஒத்துப்போகும் இடத்தைக் கண்டுபிடிப்பது போலவே அந்த ஒப்புதல் எதுவரை செல்லும் என்று சொல்வதற்கும் மதிப்பெண் உண்டு.

இரண்டாம் நிலைச் சான்றுகளுக்கு வரும்போது மாணவர்களுக்கு வேறு சிக்கல். வரலாற்றாசிரியர் நடுநிலையானவர், எல்லாவற்றையும் ஆராய்ந்தவர் என்று எழுதி முடித்துவிடுவார்கள். நிக் லாயிட் 2011இல் எழுதிய நூலும் கிம் வாக்னர் 2019இல் எழுதிய நூலும் இந்த ஒரே படுகொலையைப் பற்றியவை. லாயிட், டயர் எதிர்பாராத கூட்டத்தைக் கண்டு நிலைகுலைந்து சுட்டார் என்ற பக்கம் சாய்கிறார். பின்னாளில் சொன்னது பிறகு கட்டிய விளக்கம் என்று பார்க்கிறார். வாக்னர் 1857 கிளர்ச்சியின் நினைவு ஆங்கிலேயர் மனத்தில் விதைத்திருந்த அச்சத்தையும், அந்த ஆட்சி வன்முறையைப் பயன்படுத்தி வந்த விதத்தையும் சேர்த்துப் படுகொலையை விளக்குகிறார். இருவர் கையிலும் அந்த இரண்டு அறிக்கைகளும் இருக்கின்றன. எதற்கு அதிக எடை கொடுத்தார், எந்தக் கேள்வியோடு அதைப் படித்தார் என்பதில்தான் வேறுபாடு. ஆகவே இரண்டாம் நிலைச் சான்றை மதிப்பிடுவது, அது எந்த முதல்நிலைச் சான்றின் மேல் நிற்கிறது என்று கண்டுபிடித்து, அந்தச் சான்று அந்த எடையைத் தாங்குமா என்று பார்ப்பது.

1982இல் வந்த 'காந்தி' திரைப்படமும் இப்படி ஒரு சான்றுதான், மாணவர்கள் பலர் மனத்தில் இந்தச் சம்பவம் அந்தக் காட்சியாகவே பதிந்திருக்கிறது. படம் துப்பாக்கிச் சூட்டைக் காட்டி, பிறகு விசாரணையில் டயர் பேசுவதைக் காட்டுகிறது. அந்த உரையாடலுக்கு அடிப்படை அவர் உண்மையில் சொன்னது. ஆனால் இடையே இருந்த ஏழு மாதமும், ஏப்ரல் அறிக்கையின் வேறு காரணமும் காணாமல் போகின்றன. நவம்பரில் சொன்ன காரணம் ஏப்ரலில் இருந்த எண்ணமாகப் பார்ப்பவர் மனத்தில் உட்கார்ந்துவிடுகிறது. பொய் எதுவும் சேர்க்காமல், வரிசையை மட்டும் நெருக்கி வைத்தாலே ஒரு முடிவை உண்டாக்கிவிடலாம்.

தேர்வறையில் இவ்வளவு எழுத நேரம் இருக்காது. அதற்காக ஒரு வரிசையைப் பழக்கியிருக்கிறேன். சான்றின் உடலைக் கையால் மூடிக்கொண்டு தலைப்பில் இருக்கும் ஒன்றிரண்டு வரிகளை, அதாவது யார், எப்போது, யாருக்கு என்பதை மட்டும் படிக்க வேண்டும். இவர் இவர்களை எதை நம்ப வைக்க விரும்புவார் என்று ஓரத்தில் ஒரு வரி எழுத வேண்டும். பிறகு சான்றைப் படித்து, அந்த விருப்பத்துக்கு உதவும் வாக்கியங்களின் கீழ் ஒரு கோடும், உதவாதவை அல்லது எதிராகப் போகிறவற்றின் கீழ் இரண்டு கோடும் போட வேண்டும். இரண்டு கோடு போட்ட வாக்கியத்தை எடுத்துக்கொண்டுதான் மற்ற சான்றுகளுக்குப் போக வேண்டும். அங்கே அதை உறுதிப்படுத்தும் அல்லது மறுக்கும் ஒரு வரி கிடைத்தால் விடையின் நடுப்பகுதி தயார்.

அப்படி எழுதிய விடை இந்த வடிவில் இருக்கும்: "காயம்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போயிருக்கலாம் என்ற டயரின் நவம்பர் வாக்குமூலத்தை நம்ப முடியாது. அவர் அப்போது குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அதைவிட முக்கியமாக, விசாரணை பற்றிய பேச்சே எழாத ஏப்ரல் 14 அன்று, தெருக்களில் யாரையும் பார்க்கவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அவருக்கு எதிரான தரப்பில் இருந்த ரத்தன் தேவியின் வாக்குமூலமும் இதோடு பொருந்துகிறது. ஆனால் ஊர் முழுவதும் எத்தனை பேர் உதவியின்றி இறந்தார்கள் என்பதை இந்தச் சான்றுகள் சொல்லவில்லை." இதில் சார்பு என்ற சொல்லே வரவில்லை. சார்பு எந்தப் பக்கம் இழுக்கும் என்பது மட்டும் வேலைக்குப் பயன்பட்டிருக்கிறது.

கடைசி வாக்கியத்தை மாணவர்கள் எழுதத் தயங்குவார்கள். தெரியாது என்று சொன்னால் மதிப்பெண் போய்விடும் என்ற பயம். நான் அதை வற்புறுத்துகிறேன். டயரின் மனத்தில் அந்த மாலை பயம் இருந்ததா, திட்டம் இருந்ததா, இரண்டும் இருந்தனவா என்பதை அவர் விட்டுச்சென்ற சான்றுகளைக் கொண்டு முடிவு செய்ய முடியாது. 379க்கு மேல் எத்தனை பேர் என்பதையும் இந்தச் சான்றுகளால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் எச்சரிக்கையின்றிச் சுட்டார்கள், 1,650 தோட்டாக்கள் செலவாயின, அன்றிரவு ஊரடங்கு காயம்பட்டவர்களை உதவியிலிருந்து பிரித்துவைத்தது என்ற மூன்றையும் சுட்டவரின் சொல்லைக் கொண்டே நிறுவிவிடலாம். எவ்வளவு நிறுவ முடியும், எங்கே நிறுத்த வேண்டும் என்ற இரண்டையும் ஒரே விடையில் எழுதத் தெரிந்த மாணவருக்கு நான் முழு மதிப்பெண் தருகிறேன்.